கிளை மேலாளரை எதை வைத்து அளப்பது: முதலீட்டு வருவாய் விகிதமா, எஞ்சிய வருமானமா?

கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம், மதுரையிலும் தேனியிலும் கிளைகள், விற்பது விவசாய மோட்டார் பம்பும் பைப்பும். இப்படி ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். வருடம் முடிந்ததும் இரண்டு கிளை மேலாளர்களில் யார் நன்றாக வேலை பார்த்தார், யாருக்கு எவ்வளவு போனஸ் என்று முதலாளி கேட்கிறார், அந்தக் கணக்கைப் போடும் பொறுப்பு உங்கள் மேசைக்கு வருகிறது. லாபத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மதுரையில் 2 கோடி ரூபாய் முடங்கிக் கிடக்கிறது, தேனியில் 80 லட்சம்தான். எவ்வளவு பணத்தைப் போட்டு எவ்வளவு எடுத்தார் என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்த இரண்டு அளவுகோல்களும்.

முதலாவது, முதலீட்டு வருவாய் விகிதம். எல்லோரும் ஆர்.ஓ.ஐ. என்பார்கள். கிளையின் லாபத்தை அந்தக் கிளையில் போட்ட பணத்தால் வகுத்தால் வரும் சதவீதம். மதுரையின் லாபம் 50 லட்சம், போட்ட பணம் 200 லட்சம், ஆகவே 25 சதவீதம். தேனியின் லாபம் 8 லட்சம், போட்டது 80 லட்சம், ஆகவே 10 சதவீதம்.

இரண்டாவது, எஞ்சிய வருமானம். போட்ட பணத்துக்குக் கம்பெனி குறைந்தபட்சம் எதிர்பார்க்கும் வருவாயை லாபத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு ரூபாய் என்று பார்ப்பது. கம்பெனி 14 சதவீதம் எதிர்பார்க்கிறது என்றால் மதுரைக்கு 200 லட்சத்தில் 14 சதவீதம், அதாவது 28 லட்சம் கழிய, மிச்சம் 22 லட்சம். தேனிக்கு 11.2 லட்சம் கழிய வேண்டும், லாபமோ 8 லட்சம்தான், ஆகவே 3.2 லட்சம் பற்றாக்குறை. எக்செல்லில் லாபம் B2, முதலீடு B3, எதிர்பார்ப்பு விகிதம் B4 என்று வைத்தால் முழுக் கணக்கும் இவ்வளவுதான்:

```
=B2/B3
=B2-B3*B4
```

சூத்திரம் இரண்டு வரி. ஆனால் B2, B3, B4 என்ற அந்த மூன்று கட்டங்களில் என்ன எண்ணை எழுதுவது என்பதில்தான் முக்கால்வாசி வேலையும் முக்கால்வாசித் தவறும் இருக்கின்றன. அதற்குப் போகும் முன், விகிதத்தை மட்டும் வைத்து மேலாளரை அளந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிடுவோம், இந்த ஒன்று மனதில் நின்றுவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

விகிதம் மேலாளரை எப்படித் திசை திருப்புகிறது

மதுரை மேலாளரிடம் ஒரு யோசனை இருக்கிறது. சொட்டு நீர்ப் பாசனப் பைப்புகளையும் விற்க ஆரம்பிக்கலாம். அதற்குச் சரக்கு 25 லட்சம் வேண்டும், டீலர்களிடம் 9 லட்சம் கடனாக நிற்கும், டெலிவரிக்கு ஒரு சின்ன சரக்கு வண்டி 6 லட்சம், மொத்தம் 40 லட்சம். வருடத்துக்கு 7.2 லட்சம் கூடுதல் லாபம் வரும், அதாவது 18 சதவீதம். கம்பெனியின் எதிர்பார்ப்போ 14. ஆகவே கம்பெனிக்கு இது நல்ல முதலீடு, செய்தே ஆக வேண்டும்.

ஆனால் மேலாளரின் கணக்கைப் பாருங்கள். செய்தால் அவருடைய லாபம் 57.2 லட்சம், முதலீடு 240 லட்சம், விகிதம் 23.8 சதவீதம். இதுவரை 25 இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. போனஸ் விகிதத்தோடு கட்டப்பட்டிருந்தால் அந்த யோசனையை அவர் வாயே திறந்து சொல்ல மாட்டார், தலைமை அலுவலகத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். எஞ்சிய வருமானத்தில் போட்டால்? 57.2 லட்சத்தில் 33.6 லட்சம் கழிய 23.6 லட்சம். முன்பைவிட 1.6 லட்சம் கூடியிருக்கிறது, ஆகவே அவரே முன்வந்து கேட்பார்.

இனி தேனி. அங்கே மேலாளர் டீலர்களுக்கு 45 நாள் கடனை 75 நாளாக நீட்டலாம் என்கிறார். விற்பனை கூடும், உண்மைதான், ஆனால் 20 லட்சம் கூடுதலாகப் பாக்கியில் முடங்கும், அதிலிருந்து வரும் லாபம் 2.4 லட்சம், அதாவது 12 சதவீதம். கம்பெனி கேட்கும் 14-க்கு இது குறைவு, செய்யக் கூடாது. ஆனால் தேனியின் விகிதம் ஏற்கெனவே 10 தானே, ஆகவே 12 சதவீதம் தரும் எதைச் சேர்த்தாலும் அது மேலே ஏறும்: 10.4 லட்சம் லாபம், 100 லட்சம் முதலீடு, 10.4 சதவீதம். மேலாளர் முன்னேற்றம் காட்டிவிட்டார் என்று எல்லோரும் பாராட்டுவார்கள். எஞ்சிய வருமானமோ 3.2 லட்சம் பற்றாக்குறையிலிருந்து 3.6 லட்சம் பற்றாக்குறைக்கு இறங்கியிருக்கும்.

இதில் இரண்டு மேலாளர்களும் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறார்கள், நாம் கொடுத்த அளவுகோலைத்தான் பின்பற்றுகிறார்கள். விகிதம் என்பது ஒரு சராசரி. சராசரியைவிடக் கீழே உள்ள எதைச் சேர்த்தாலும் அது இறங்கும், மேலே உள்ள எதைச் சேர்த்தாலும் ஏறும். கம்பெனியின் 14 சதவீதம் அந்தக் கணக்குக்குள் எங்கேயும் வருவதே இல்லை. எஞ்சிய வருமானத்தில் அந்த 14 உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

சரி, இப்போது கணக்கைப் போடும் வரிசைக்கு வருவோம்.

முதல் படி: கிளையில் போட்ட பணம் எது என்று எழுதி வையுங்கள்

சரக்கு, வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கி, வண்டி, ரேக், கம்ப்யூட்டர் போன்ற சாமான்கள், கடைக்குக் கொடுத்த வாடகை அட்வான்ஸ், இவ்வளவும் சேரும். சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழிக்கலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. மேலாளரே கொள்முதல் செய்து தவணை பேசுகிறார் என்றால் கழியுங்கள், அது அவர் சாமர்த்தியம். கோயம்புத்தூரிலிருந்து மொத்தமாக வாங்கி கிளைக்கு அனுப்புகிறீர்கள் என்றால் கழிக்காதீர்கள், அதில் அவருக்குப் பங்கு இல்லை.

கட்டடம் எப்போதும் தகராறுதான். மதுரைக் குடோன் கம்பெனி முப்பது வருடம் முன்பு வாங்கிய சொந்த இடம் என்று வையுங்கள், புத்தகத்தில் அதன் மதிப்பு சில லட்சங்களாகத்தான் இருக்கும். தேனி வாடகை இடம், மாதாமாதம் வாடகை லாபத்திலிருந்து கழிகிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் மதுரை மேலாளர் எதுவும் செய்யாமலே முன்னால் நிற்பார். நான் செய்வது இதுதான்: சொந்தக் கட்டடத்தை முதலீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தெருவில் இன்று என்ன வாடகை ஓடுகிறதோ அதை மதுரையின் செலவில் ஏற்றிவிடுவேன். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக் கூடாது, கட்டடத்தை முதலீட்டிலும் வைத்து வாடகையையும் ஏற்றினால் ஒரே இடத்துக்கு இரண்டு முறை காசு வாங்கிய கதையாகிவிடும்.

இரண்டாம் படி: மார்ச் 31 எண்ணை எடுக்காதீர்கள்

இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் வருடக் கடைசி நாளின் முதலீட்டை வைத்துத்தான் விகிதம் போட்டார்கள். மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கிளை சரக்கே எடுக்காது, மெதுவாக ஓடும் ஐட்டங்களை எல்லாம் "திருப்பி அனுப்புகிறோம்" என்று தலைமைக் குடோனுக்கு லாரியில் ஏற்றிவிடும், ஏப்ரல் முதல் வாரத்தில் அதே சரக்கு திரும்பிப் போகும். போகவர லாரி வாடகை கம்பெனிக்கு. ஏப்ரலில் கேட்டு வந்த வாடிக்கையாளருக்குப் பொருள் இல்லை என்று சொன்னது தனி நஷ்டம்.

மதுரையின் வருடச் சராசரி 200 லட்சம், ஆனால் மார்ச் 31 அன்று 150 லட்சமாக இறக்கிவிட்டார் என்றால் விகிதம் 25-லிருந்து 33 சதவீதமாகத் தாவிவிடும். எஞ்சிய வருமானமும் 22-லிருந்து 29 லட்சம் ஆகும், அதாவது இந்த ஏமாற்று இரண்டு அளவுகோல்களிலும் செல்லும். ஆகவே மாதக் கடைசி இருப்புகளை எடுத்து, தொடக்க இருப்பையும் சேர்த்துப் பதின்மூன்று எண்களின் சராசரியைப் போடுங்கள். கணக்கு மென்பொருளில் மாதவாரி சரக்கு மதிப்பும் பாக்கி மொத்தமும் எடுப்பது அரை மணி நேர வேலை. எடுத்ததும் மார்ச் எண்ணைச் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வருடா வருடம் மார்ச்சில் மட்டும் பள்ளம் விழுந்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை, பம்பு வியாபாரத்தில் மழைக்கும் சாகுபடிக்கும் தகுந்தபடி சரக்கு ஏறி இறங்கும், ஆகவே எந்தப் பள்ளத்தையும் பார்த்த உடனே குற்றம் சொல்லாமல், ஏப்ரலில் அது திரும்ப நிரம்பியதா, தலைமைக் குடோனுக்குப் போன சரக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்றாம் படி: லாபத்தைச் சுத்தம் செய்யுங்கள்

வட்டிக்கும் வருமான வரிக்கும் முந்தைய லாபத்தை எடுங்கள். பல கம்பெனிகளில் வங்கி ஓ.டி. வட்டியைத் தலைமை அலுவலகம் கிளைகளின் மேல் பற்று எழுதும் வழக்கம் உண்டு. அதைக் கவனிக்காமல் எஞ்சிய வருமானம் போட்டால் வட்டி இரண்டு முறை கழியும். மதுரைக்கு 20 லட்சம் வட்டி எழுதியிருந்தார்கள் என்றால் புத்தகத்தில் லாபம் 30 லட்சமாகத்தான் தெரியும், அதிலிருந்து மறுபடி 28 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் வெறும் 2 லட்சம். உண்மையில் 22. முதல் தடவை கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் விழும் குழி இது, லாப நட்டக் கணக்கில் "தலைமை அலுவலக வட்டி" என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இருந்தால் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தலைமை அலுவலகச் செலவில் கிளைக்குப் பங்கு பிரித்துப் போடுவது. இயக்குநர் சம்பளம், கோயம்புத்தூர் ஆபீஸ் மின்கட்டணம் இதெல்லாம் மதுரை மேலாளர் கையில் இல்லை. அவரை அளக்கும்போது இவற்றை வெளியே வையுங்கள். அந்தக் கிளையை வைத்திருக்கலாமா மூடலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு தாள் போட வேண்டும். மேலாளருக்கு ஒரு தாள், கிளைக்கு ஒரு தாள் என்று பிரித்துக்கொண்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். தேனியில் முந்தைய மேலாளர் காலத்தில் கொடுத்த கடன் வராமல் தள்ளுபடி செய்ய நேர்ந்தால், அது கிளைத் தாளில் வரும், இப்போதைய மேலாளர் தாளில் வராது.

நான்காம் படி: அந்த 14 சதவீதம் எங்கிருந்து வந்தது?

சிலர் வங்கி வட்டி 10 சதவீதம், அதையே போட்டுவிடலாம் என்பார்கள். போட்டால் தேனியின் பற்றாக்குறை மறைந்து சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். முதலாளி போட்ட பணத்துக்கு யாரும் வட்டி பில் அனுப்புவதில்லை என்பதற்காக அது இலவசப் பணம் ஆகிவிடாது. அந்தப் பணத்தை வேறு இடத்தில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும், இந்த வியாபாரத்தின் ஆபத்துக்கு அதற்கு மேல் எவ்வளவு வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நம் கம்பெனியில் பாதிப் பணம் வங்கிக் கடன், பாதி முதலாளிகளின் பணம். முதலாளிகள் வரி கட்டிய பிறகு 13.5 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் நாம் எடுத்த லாபம் வரிக்கு முந்தையது, ஆகவே இதையும் வரிக்கு முந்தையதாக மாற்ற வேண்டும். வரி 25 சதவீதம் என்று வைத்தால் 13.5-ஐ 0.75-ஆல் வகுத்து 18. வங்கியின் 10, முதலாளிகளின் 18, பாதிக்குப் பாதி, 14. வரிக்கு முந்தைய லாபத்திலிருந்து வரிக்குப் பிந்தைய விகிதத்தைக் கழிக்காதீர்கள், எல்லாக் கிளைகளும் இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.

எஞ்சிய வருமானத்தில் இன்னொரு வசதியும் உண்டு. கடன் வசூல் ஆபத்து அதிகமான பகுதியில் உள்ள கிளைக்கு 16 என்று தனி விகிதம் வைக்கலாம். வெறும் விகிதக் கணக்கில் அதற்கு இடமே கிடையாது. ஆனால் எந்த விகிதமானாலும் ஏப்ரலில் சொல்லிவிட வேண்டும், நடுவில் வங்கி வட்டி ஏறினாலும் அந்த வருட முடிவுவரை மேலாளர்களின் தாளில் மாற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: கிளைகளை வரிசைப்படுத்தாமல் ஒப்பிடுங்கள்

எஞ்சிய வருமானம் ரூபாயில் வருவதால் பெரிய கிளைதான் எப்போதும் பெரிதாகத் தெரியும். மதுரை 22 லட்சம், தேனி பற்றாக்குறை என்று வரிசை போட்டுவிட்டால் தேனிக்குப் போக யாருமே சம்மதிக்க மாட்டார்கள். போன வருட எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலீடெல்லாம் மாதச் சராசரிதான்.

போன வருடம் மதுரையில் முதலீடு 160 லட்சம், லாபம் 48 லட்சம், எஞ்சியது 25.6 லட்சம். இந்த வருடம் 22. அதாவது 3.6 லட்சம் குறைந்திருக்கிறது. 40 லட்சம் கூடுதலாகப் போட்டு வெறும் 2 லட்சம் கூடுதல் லாபம் எடுத்திருக்கிறார், 5 சதவீதம். 25 சதவீதம் என்ற பளபளப்பான எண்ணுக்குள் இது ஒளிந்துகொண்டிருந்தது. தேனியில் போன வருடம் முதலீடு 100 லட்சம், லாபம் 5 லட்சம், பற்றாக்குறை 9 லட்சம். புதிதாக வந்த மேலாளர் பழைய பாக்கிகளைத் துரத்தி வசூலித்து, ஓடாத சரக்கை விற்றுத் தள்ளி முதலீட்டை 80 லட்சத்துக்கு இறக்கி, லாபத்தை 8 லட்சமாக ஏற்றியிருக்கிறார். பற்றாக்குறை 9-லிருந்து 3.2 லட்சமாகச் சுருங்கியது, 5.8 லட்சம் முன்னேற்றம். போனஸ் கேள்விக்கு என் பதில் தேனி மேலாளர்தான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் ஏப்ரலில் அதற்கென்று ஓர் இலக்கு வைத்து, இலக்குக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். தேனிக்குப் பற்றாக்குறையை 5 லட்சத்துக்குள் கொண்டுவா என்று இலக்கு வைப்பதில் தவறே இல்லை.

இதைச் சொன்னதும் விகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிரச்சினை எங்கே என்று தேடும்போது அது மிக நல்ல கருவி. 1910-களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர் அந்த விகிதத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம், போட்ட பணம் வருடத்தில் எத்தனை முறை விற்பனையாகச் சுழன்றது. மதுரையின் விற்பனை 500 லட்சம், அதில் லாபம் 10 சதவீதம், 200 லட்சம் முதலீடு 2.5 முறை சுழன்றது, பெருக்கினால் 25. தேனியின் விற்பனை 160 லட்சம், லாபம் 5 சதவீதம், 2 முறை சுழற்சி, பெருக்கினால் 10. சுழற்சியில் பெரிய இடைவெளி இல்லை, லாப சதவீதம்தான் பாதியாக இருக்கிறது. ஆக, தேனி மேலாளரோடு உட்காரும்போது தள்ளுபடி எவ்வளவு கொடுக்கிறீர்கள், வண்டி வாடகை எவ்வளவு போகிறது என்றுதான் பேச்சு ஆரம்பிக்க வேண்டும்.

ஆறாம் படி: தேய்மானம் வைக்கும் பொறி

இங்கே எஞ்சிய வருமானமும் கைவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு பெரிய டெலிவரி வண்டி 10 லட்சம், ஐந்து வருடம் ஓடும், வருடத்துக்கு 2 லட்சம் தேய்மானம், கடைசியில் மதிப்பு எதுவும் இல்லை என்று வைப்போம். அதனால் தேய்மானத்துக்கு முன் வருடம் 3 லட்சம் கிடைக்கிறது, தேய்மானம் போக லாபம் 1 லட்சம். 14 சதவீதத்தில் ஐந்து வருடப் பணத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 10.3 லட்சம், விலையோ 10 லட்சம், 30 ஆயிரம் மிச்சம், ஆகவே வாங்கலாம்.

ஒவ்வொரு வருடத் தொடக்கத்தின் புத்தக மதிப்பை வைத்துப் போட்டால் முதல் வருடம் விகிதம் 10 சதவீதம், ஐந்தாம் வருடம் மதிப்பு 2 லட்சமாகத் தேய்ந்திருக்கும், அதே 1 லட்சம் லாபத்துக்கு 50 சதவீதம். வண்டி பழசானதைத் தவிர எதுவும் மாறவில்லை. விகிதத்தை நம்பும் மேலாளர் பழைய வண்டியை ஒட்டிப் போட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார், புது வண்டி கேட்க மாட்டார். எஞ்சிய வருமானத்திலும் முதல் வருடம் 40 ஆயிரம் பற்றாக்குறை, இரண்டாம் வருடம் 12 ஆயிரம் பற்றாக்குறை, மூன்றாம் வருடம்தான் 16 ஆயிரம் மிச்சம், பிறகு 44 ஆயிரம், 72 ஆயிரம். ஐந்தையும் இன்றைய மதிப்பில் கூட்டினால் சரியாக அதே 30 ஆயிரம் வருகிறது, மொத்தக் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போகிறவருக்கு முதல் இரண்டு வருடப் பற்றாக்குறை மட்டும்தான் கையில் கிடைக்கும், லாபம் அடுத்து வருகிறவருக்கு.

இதற்கு நான் கண்ட எளிய வழி, பெரிய முதலீட்டுக்குத் தலைமை அலுவலகம் ஒப்புதல் கொடுக்கும்போதே வருடவாரியாக எதிர்பார்க்கும் எஞ்சிய வருமானத்தை அந்த ஒப்புதல் தாளிலேயே எழுதி, அதை அப்படியே கிளையின் இலக்கில் சேர்த்துவிடுவது. முதல் வருட இலக்கில் 40 ஆயிரம் பற்றாக்குறை ஏற்கெனவே இருக்கும், அவர் 35 ஆயிரத்தில் முடித்தால் 5 ஆயிரம் முன்னேற்றம். ஐந்தாம் வருட மேலாளரின் இலக்கில் 72 ஆயிரம் கூட்டப்பட்டிருக்கும், பழைய வண்டியால் வந்த மிச்சத்தைத் தன் சாதனை என்று அவர் சொல்ல முடியாது. மேலாளர் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் தாளோடு இந்தப் பட்டியலையும், அன்றைய சரக்கு, பாக்கி எண்களையும் சேர்த்து இருவரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள், அடுத்த மார்ச்சில் யார் காலத்துப் பாக்கி என்ற கேள்வி வரும்போது அந்தத் தாளை எடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.